பக்கத்துக் கடையில் எதை விற்கக் கூடாது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஷ்ரூஸ்பரி என்றோர் ஊர். அங்கே ‘வொயிட் சிட்டி’ என்ற வணிக வளாகம் இருக்கிறது. 2006-ல் அந்த வளாகத்தின் உரிமையாளருக்கும் அங்கே வாடகைக்கு இருந்த ஓர் உணவகத்துக்கும் வழக்கு மூண்டது. வாடகை பாக்கி எதுவும் இல்லை. கூரை ஒழுகவில்லை. கார் நிறுத்துமிடத்திலும் தகராறு இல்லை. நீதிபதி ஜெஃப்ரி லாக்கின் முன் வந்து நின்ற கேள்வி இதுதான்: பரிட்டோ என்பது சாண்ட்விச்சா, இல்லையா?

பரிட்டோ என்பது மெக்சிகோ பாணி உணவு. கோதுமை மாவில் செய்த மெல்லிய டார்ட்டியா ரொட்டியில் சோறு, பீன்ஸ், இறைச்சி எல்லாம் வைத்துச் சுருட்டித் தருவார்கள். அதற்கு என்ன பெயர் வைத்தால் என்ன என்று சாப்பிடுகிறவர் கேட்கலாம். கடை நடத்துகிறவரால் அப்படிக் கேட்க முடியவில்லை. அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் பக்கத்தில் இன்னோர் உணவகம் வரலாமா கூடாதா என்பது முடிவாக வேண்டியிருந்தது.

இந்த வழக்குக்கு அடியில் இருப்பது மால் குத்தகைகளில் பரவலாக எழுதப்படும் ஒரு ஷரத்து. தொழிலில் இருப்பவர்கள் அதைச் சுருக்கமாக ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்பார்கள். ‘இந்த வளாகத்தில் இந்தப் பொருளை விற்க எனக்கு மட்டுமே உரிமை, என்னோடு போட்டி போடும் கடைக்கு நீங்கள் இடம் தரக் கூடாது’ என்று கட்டட உரிமையாளரிடம் கடைக்காரர் எழுதி வாங்கிக்கொள்ளும் வாக்குறுதி அது.

கடைத்தெருவில் கடை போடுகிறவருக்கு இப்படி ஒரு வாக்குறுதி கிடைக்காது. எதிர்க் கட்டடம் வேறொருவருடையது, பக்கத்துக் கட்டடம் இன்னொருவருடையது. வணிக வளாகத்தில் நிலைமை வேறு. மொத்த இடமும் ஒரே கைக்குள் இருப்பதால், யார் வரலாம், யார் வரக் கூடாது என்று அந்த ஒருவரால் சொல்ல முடியும். பத்து வருடக் குத்தகையில் கையெழுத்துப் போட்டு, அடுப்பு, குளிர்பதனம், மேசை நாற்காலி என்று பெரும் பணத்தை அந்த நான்கு சுவர்களுக்குள் கொட்டுகிற கடைக்காரர், வளாகத்துக்கு வரும் கூட்டத்தில் தன் பங்கு குறைந்துவிடாமல் இருக்க உறுதி கேட்பது இயல்பு.

உரிமையாளருக்கு இது பிடிக்காத வேலை. ஒருவருக்கு எக்ஸ்க்ளூசிவ் கொடுத்தால், நாளைக்கு அதிக வாடகையுடன் வரும் இன்னொருவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். ஆனாலும் கொடுக்கிறார். அந்த உறுதி இல்லாவிட்டால் நல்ல கடை வராது. அதனால் பேரம் முழுவதும் ஷரத்து வேண்டுமா வேண்டாமா என்பதில் நடப்பதில்லை. அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதில்தான் நடக்கிறது.

ஒரு ஷரத்தைப் பிரித்துப் பார்த்தால்

வொயிட் சிட்டியில் இருந்த உணவகம் ‘பனேரா பிரெட்’. ரொட்டி, சாண்ட்விச், சூப், காபிக்குப் பெயர்போன சங்கிலி நிறுவனம். அதன் ஃப்ரான்சைஸ் உரிமை பெற்ற பி.ஆர். ரெஸ்டாரன்ட்ஸ் என்ற நிறுவனம் 2001-ல் குத்தகையில் கையெழுத்திட்டது. அதில் உரிமையாளர் கொடுத்த வாக்குறுதியின் சாரம் இது: ஆண்டு விற்பனையில் 10 சதவீதத்துக்கு மேல் சாண்ட்விச்சிலிருந்து வரும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய பேக்கரிக்கோ உணவகத்துக்கோ இந்த வளாகத்தில் இடம் தர மாட்டேன்; உயர்தரக் காபி, தேநீர் விற்பதையே முதன்மையாகக் கொண்ட கடைக்கும் தர மாட்டேன். காபி விஷயத்தில் ஸ்டார்பக்ஸ் போன்ற சில பெயர்களும் உதாரணமாகச் சொல்லப்பட்டிருந்தன.

எழுதியவர் அனுபவசாலி என்பது சில சொற்களில் தெரிகிறது. ‘புதிய குத்தகை தர மாட்டேன்’ என்பதோடு நிற்காமல், ஏற்கெனவே இருக்கும் குத்தகையைத் திருத்தி அப்படிப்பட்ட கடைக்கு அனுமதி தரவும் மாட்டேன் என்று சேர்த்திருக்கிறார். இல்லையென்றால் முன்பே வளாகத்தில் இருக்கும் துணிக்கடைக்காரர் ஒருநாள் உரிமையாளரின் சம்மதத்தோடு சாண்ட்விச் கடையாக மாறிவிடலாம்.

10 சதவீதம் என்ற அளவுக்கும் காரணம் உண்டு. முழுத்தடை என்று எழுதினால் எந்த உரிமையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். பீட்சா கடையில் ஓரமாக நாலு சாண்ட்விச் இருக்கும். மருந்துக் கடைக் குளிர்பெட்டியில்கூட இருக்கும். அதனால் துணைப் பொருளாக விற்பதற்கு ஓர் அளவு விட்டுவிட்டு, அதற்கு மேல் போனால்தான் தடை என்று எழுதுவது வழக்கம்.

‘எதிர்பார்க்கக்கூடிய’ என்ற சொல் இன்னும் நுட்பமானது. உண்மையில் எவ்வளவு விற்றது என்று அது கேட்கவில்லை. குத்தகை கொடுக்கும் நாளில் உரிமையாளர் என்ன எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. கடை திறந்து ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் இது கடைக்காரருக்குச் சாதகம். வந்த கடை பிற்பாடு தன் மெனுவை மாற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்தச் சொல்லில் விடை இல்லை என்பதால் பாதகமும்கூட.

2005-ல் இரு தரப்பும் ஷரத்தைத் திருத்தினார்கள். டங்கின் டோனட்ஸ், கோசி, ஓ போன் பான் ஆகிய கடைகளுக்கும் அவற்றைப் போன்றவற்றுக்கும் தடை உண்டு என்று சேர்த்தார்கள். மறுபக்கம், மேசையில் பரிமாறும் உணவகம் போன்ற சிலவற்றுக்கு விலக்கும் தந்தார்கள். இத்தனை பெயர்களை எழுதியவர்கள் ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டார்கள். சாண்ட்விச் என்றால் என்ன?

2006 ஆகஸ்டில் உரிமையாளர் ‘குடோபா’ என்ற மெக்சிகோ பாணி உணவகத்துக்கு இடம் கொடுத்து ஒப்பந்தம் போட்டார். குடோபாவின் பிரதான விற்பனை பரிட்டோ, டாக்கோ, கேசடியா. பனேரா தரப்பு ஆட்சேபித்தது. உரிமையாளர் முந்திக்கொண்டு, தான் ஷரத்தை மீறவில்லை என்று அறிவிக்கக் கோரி நீதிமன்றம் போனார். குடோபா வருவதற்குத் தடை உத்தரவு கேட்டது பனேரா தரப்பு.

அகராதி தந்த பதில்

பனேரா தரப்பின் வாதம் எளிமையானது. டார்ட்டியாவும் ரொட்டிதான், ரொட்டிக்குள் உணவை வைத்தால் அது சாண்ட்விச்தான். உரிமையாளர் தரப்பு இரண்டு பேரின் பிரமாண வாக்குமூலங்களைக் கொண்டுவந்தது. ஒருவர் கிறிஸ் ஷ்லெசிங்கர் என்ற பிரபல சமையல் கலைஞர். மற்றவர் அமெரிக்க வேளாண் துறையில் உணவுப் பெயர்ச்சீட்டு விதிகளைக் கவனித்த முன்னாள் உயர் அதிகாரி. பரிட்டோவைச் சாண்ட்விச் என்று தொழிலில் யாரும் சொல்வதில்லை என்பதே இருவரின் நிலைப்பாடும்.

அக்டோபர் 31 அன்று நீதிபதி லாக் தடை உத்தரவை மறுத்தார். ஒப்பந்தத்தில் ஒரு சொல்லுக்கு விளக்கம் இல்லையென்றால் அதன் வழக்கமான பொருளையே எடுக்க வேண்டும் என்பது விதி. அவர் வெப்ஸ்டர் அகராதியைப் புரட்டினார். இரண்டு ரொட்டித் துண்டுகள், நடுவே மெல்லிய அடுக்காக இறைச்சியோ பாலாடைக்கட்டியோ வேறு ஏதோ என்றது அகராதி. பரிட்டோவில் இருப்பது ஒரே ஒரு டார்ட்டியா. மசாலா தோசையை எந்த ஹோட்டலும் சாண்ட்விச் என்று பட்டியலிடாததைப் போல, பொதுவாக மக்கள் பரிட்டோவை அந்தப் பெயரில் நினைப்பதில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

இந்த உத்தரவைப் பற்றி எழுதிய பலரும் அகராதியோடு நிறுத்திக்கொண்டார்கள். குத்தகை எழுதுகிறவருக்கு உண்மையில் பயன்படும் பகுதி அதற்கு அடுத்து வருகிறது. ஷரத்தை எழுதிக் கொடுத்தது பனேரா தரப்பு. அக்கம்பக்கத்தில் மெக்சிகோ உணவகங்கள் இருப்பது அதற்குத் தெரியும். பரிட்டோவையும் சாண்ட்விச்சாகவே கருதுகிறோம் என்று பேரத்தின்போது அது எங்கும் சொல்லவில்லை, எழுதவும் இல்லை. தன் கையில் பேனா இருந்தபோது எழுதாததைப் பிறகு நீதிமன்றத்தில் கேட்டால் கிடைப்பது கடினம் என்பதை அந்தப் பகுதி காட்டியது.

பனேரா தரப்புக்கு உண்மையில் என்ன பயம் என்று பார்த்தால் ஷரத்தின் குறை இன்னும் தெளிவாகும். அதன் வருமானத்தில் பெரும்பங்கு, மதிய நேரத்தில் சீக்கிரம் சாப்பிட்டுப் போகிற கூட்டம். அந்தக் கூட்டத்தைப் பிடிக்கும் எந்தக் கடையும் அதற்குப் போட்டிதான். ரொட்டித் துண்டு ஒன்றா இரண்டா என்பது பொருட்டல்ல. ஆனால் ஷரத்து பண்டத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டது. ‘கவுன்டரில் ஆர்டர் வாங்கி, ரொட்டியிலோ டார்ட்டியாவிலோ வேறு மாவுப் பண்டத்திலோ வைத்து அல்லது சுற்றித் தரும் உணவு’ என்று எழுதியிருந்தால் வழக்கின் போக்கே வேறாக இருந்திருக்கும். அப்படி எழுத உரிமையாளர் சம்மதித்திருப்பாரா என்பது வேறு விஷயம். ஷரத்து அகலமாக அகலமாக, அதற்கு ஈடாக வேறு எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

அதே கேள்வி, எதிர்ப் பதில்

2024 மே மாதம் இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில் இதே கேள்வி வேறு வேஷத்தில் வந்தது. அங்கே பிரச்சினை வாடகை ஒப்பந்தம் அல்ல. ஒரு வணிக வளாக உரிமையாளர், நில உபயோக அனுமதி பெறும்போது அக்கம்பக்கத்துக் குடியிருப்போருக்காகச் சில நிபந்தனைகளை எழுத்தில் ஏற்றிருந்தார். ஆர்டர் கொடுத்தபின் செய்து தரும் சாண்ட்விச் கடை வரலாம். வெளியே இருக்கை போடக் கூடாது, மது விற்கக் கூடாது, காரில் இருந்தபடியே வாங்கும் ஜன்னல் கூடாது. அந்த இடத்துக்கு டாக்கோவும் பரிட்டோவும் விற்கும் கடை வரலாமா?

வரலாம் என்றார் நீதிபதி கிரெய்க் போபே. டாக்கோவும் பரிட்டோவும் மெக்சிகோ பாணி சாண்ட்விச்சுகள் என்றார். கிரேக்க கைரோ, இந்திய நான் ரோல், வியட்நாமின் பான் மீ விற்கும் கடைகள்கூட அந்த நிபந்தனைக்குள் அடங்கும் என்றும் சொன்னார்.

இரண்டு நீதிபதிகளும் ஒருவரையொருவர் மறுத்துவிட்டார்கள் என்று இதைப் பார்த்தால் தவறு. ஃபோர்ட் வெய்னில் அந்தச் சொல், எந்த மாதிரிக் கடை வரலாம் என்று சொல்ல வந்தது. ஷ்ரூஸ்பரியில் அதே சொல், யார் வரக் கூடாது என்று சொல்ல வந்தது. நிலத்தைப் பயன்படுத்தவோ தொழில் செய்யவோ தடை போடும் சொற்களை அளவோடு படிப்பதுதான் அமெரிக்க நீதிமன்றங்களின் பொதுப் பழக்கம். சந்தேகம் வந்தால் அதன் பலன் பெரும்பாலும் தடைக்கு எதிராகப் போகும். எக்ஸ்க்ளூசிவ் வைத்திருக்கும் கடைக்காரர் இந்தக் காற்றுக்கு எதிரே நடக்க வேண்டியிருக்கிறது.

எதைக் கொண்டு அளப்பது?

பண்டத்தின் பெயரைச் சரியாக எழுதிவிட்டாலும் அளவுகோல் என்ற சிக்கல் மிச்சம் இருக்கிறது. பனேரா ஷரத்தில் அளவுகோல் விற்பனையின் சதவீதம். பக்கத்துக் கடையின் விற்பனைக் கணக்கு யார் கையில் இருக்கும்? அந்தக் கடைக்காரரிடம்தான். அவர் கடையில் சாண்ட்விச் 9 சதவீதமா 12 சதவீதமா என்பதை வெளியே நின்று யாராலும் சொல்ல முடியாது. கணக்கைப் பார்க்கும் உரிமையை உரிமையாளர் தன் குத்தகைகளில் வாங்கி வைத்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வழக்குப் போட்ட பிறகுதான் ஏடு திறக்கும்.

அதனால்தான் பலர் சதுர அடியை அளவுகோலாக எடுக்கிறார்கள். அளவு நாடாவோடு உள்ளே போனால் போதும் என்று தோன்றும். அதிலும் எவ்வளவு தகராறு வரலாம் என்பதை ஃபுளோரிடாவைத் தலைமையிடமாகக் கொண்ட ‘வின்-டிக்ஸி’ சூப்பர் மார்க்கெட் வழக்குகள் காட்டின. தான் இருக்கும் வளாகங்களில் வேறு கடைகள் மளிகைப் பொருள் விற்பதற்கு அது ஓர் உச்சவரம்பு வாங்கி வைத்திருந்தது: 500 சதுர அடி விற்பனைப் பரப்பு அல்லது அந்தக் கடையின் பரப்பில் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. டாலர் ஜெனரல், டாலர் ட்ரீ, பிக் லாட்ஸ் போன்ற மலிவு விலைக் கடைகள் அந்த வளாகங்களில் வரம்பை மீறுகின்றன என்று வழக்குப் போட்டது.

இரண்டு கேள்விகள் எழுந்தன. மளிகை என்றால் சாப்பிடும் பொருள் மட்டுமா, சோப்பும் காகிதக் கைக்குட்டையும் சேர்த்தியா? விற்பனைப் பரப்பு என்றால் அலமாரி நிற்கும் தரை மட்டுமா, வாடிக்கையாளர் நடக்கும் பாதையும் உண்டா?

இரண்டாவது கேள்வி அற்பமாகத் தெரியலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 அடி நீளமும் 2 அடி ஆழமும் உள்ள அலமாரி வரிசை ஒன்று 100 சதுர அடி தரையை அடைக்கும். ஐந்து வரிசைகள் வைத்தால் 500. வரம்புக்குள் சரியாக நிற்கிறது. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் உள்ள 3 அடி நடைபாதையையும் சேர்த்தால் அதே ஐந்து வரிசைகள் 1,250 சதுர அடி ஆகிவிடும். கடைக்காரர் மூன்று வரிசைகளை எடுத்தாக வேண்டும். ஒரு டின்கூட நகராமலே சட்டத்துக்குள் இருந்த கடை சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது.

விசாரணை நீதிமன்றம் குறுகிய பொருளை எடுத்தது: உணவு மட்டும், அலமாரித் தரை மட்டும். 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஃபுளோரிடாவில் உள்ள கடைகளைப் பொறுத்தவரை அது தவறு என்றது. அந்த மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2002-ல், வின்-டிக்ஸியே தொடுத்த இன்னொரு வழக்கில், வீட்டு உபயோகப் பொருட்களும் மளிகைதான், நடைபாதையும் பரப்பில் சேரும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. கூட்டாட்சி நீதிமன்றம் அதைப் பின்பற்றியே ஆக வேண்டும். ‘நடைபாதை உட்பட’ என்ற ஒரு தொடரை முதலிலேயே எழுதியிருந்தால் பல ஆண்டு வழக்காடல் மிச்சமாகியிருக்கும்.

யாரைக் கட்டும்?

வின்-டிக்ஸி வழக்கில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அது யார்மேல் போடப்பட்டது என்பது. எக்ஸ்க்ளூசிவ் என்பது உரிமையாளரும் கடைக்காரரும் செய்துகொண்ட ஒப்பந்தம். பக்கத்துக் கடை அதில் கையெழுத்திடவில்லை. பிறகு எப்படி அதை நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது? குத்தகையின் சுருக்கம் நிலப்பதிவு அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், அந்தத் தடை நிலத்தோடு சேர்ந்து ஓடும் என்பது அங்குள்ள சட்டம். பின்னால் வருகிறவர் அதைப் படித்தாரோ இல்லையோ, அறிந்தவராகவே கருதப்படுவார். பதிவு செய்யாத கடைக்காரருக்குப் பெரும்பாலும் தன் உரிமையாளர் ஒருவர்தான் கதி. அந்த உரிமையாளர் வளாகத்தை விற்றுவிட்டுப் போனாலும் சிக்கல் வரலாம்.

வாக்குறுதி உரிமையாளரை முழுதாகக் கட்டிவிடும் என்றும் சொல்ல முடியாது. இரண்டு ஓட்டைகள் அடிக்கடி தென்படும். ஒன்று, முன்பே இருக்கும் வாடகைதாரர்கள். அவர்களில் சிலரிடம் ‘சட்டப்படியான எந்த வியாபாரமும் செய்யலாம்’ என்ற பழைய குத்தகை இருக்கும். உரிமையாளர் நினைத்தாலும் அவர்களைத் தடுக்க முடியாது. அதனால் புதிய எக்ஸ்க்ளூசிவில் பழையவர்களுக்கு விலக்கு இருக்கும். எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டுக்கு என்ற பட்டியலைக் கேட்டு வாங்காமல் கையெழுத்துப் போடுகிறவர், வேலி போட்ட நிலத்துக்குள்ளேயே எத்தனை பாதைகள் இருக்கின்றன என்று தெரியாமல் வாங்குகிறார்.

மற்றது, சொல் பேச்சுக் கேட்காத வாடகைதாரர். பூக்கடை நடத்துவதாகச் சொல்லி வந்தவர் ஒருநாள் காபி இயந்திரத்தை இறக்குகிறார். அவருடைய குத்தகையே அதைத் தடை செய்கிறது. உரிமையாளர் அனுமதி கொடுக்கவில்லை. இந்த மீறலுக்கு உரிமையாளர் பொறுப்பா? ‘நான் உடனே நோட்டீஸ் அனுப்பி, தேவைப்பட்டால் வழக்கும் போட்டால், என்னை மீறியவனாகக் கருதக் கூடாது’ என்று அவர் எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். அதற்கு எத்தனை நாள் அவகாசம், வழக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும், அதுவரை வாடகையில் குறைப்பு உண்டா என்பதெல்லாம் பேரத்தில் முடிவாகும்.

மீறினால் என்ன?

போட்டிக் கடையால் தனக்கு எவ்வளவு நஷ்டம் என்று நிரூபிப்பது கடினம். விற்பனை குறைந்தது அந்தக் கடையாலா, ஊரில் வேலைவாய்ப்பு குறைந்ததாலா, மழையாலா? அதனால் குத்தகையிலேயே ஒரு பரிகாரம் எழுதி வைப்பார்கள். அடிக்கடி காண்பது இது: மீறல் நீடிக்கும்வரை பாதி வாடகை; ஓராண்டு தாண்டினால் கடைக்காரர் குத்தகையை முறித்துக்கொண்டு போகலாம், அல்லது மீண்டும் முழு வாடகைக்குத் திரும்ப வேண்டும்.

இது போதுமா என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். கடை 2,000 சதுர அடி. வாடகை சதுர அடிக்கு ஆண்டுக்கு 30 டாலர். ஆக 60,000 டாலர். ஆண்டு விற்பனை 10 லட்சம் டாலர். போட்டிக் கடை வந்ததால் விற்பனை பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு லட்சம், குறைகிறது. விற்காத பொருளுக்குச் செலவாகாமல் மிச்சமானதைக் கழித்தால் கையில் விழும் நஷ்டம் 60,000 என்று வைத்துக்கொள்ளலாம். பாதி வாடகையால் திரும்பக் கிடைப்பது 30,000. நஷ்டத்தில் பாதிதான் ஆறுகிறது.

உரிமையாளர் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். காலியாகக் கிடந்த இடத்துக்குப் புதிய கடை 60,000 வாடகை தருகிறது. பழைய கடையில் 30,000 போகிறது. மீறியும் அவருக்கு 30,000 லாபம். பாதி வாடகை மட்டும் எழுதப்பட்ட ஷரத்து, உரிமையாளருக்கு ஒரு விலைப்பட்டியலாகிவிடுகிறது. அவரை யோசிக்க வைப்பது வேறு இரண்டு: குத்தகையை முறிக்கும் உரிமையும், கடையின் உள் அலங்காரத்துக்குச் செலவழித்ததில் தேயாத பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும். இவற்றோடு தடை உத்தரவு கேட்கும் உரிமையும் இருக்க வேண்டும்.

கடைக்காரருக்கும் கட்டுப்பாடு உண்டு. தானே ஒழுங்காகக் கடை நடத்திக்கொண்டிருக்க வேண்டும். வாடகை பாக்கி இருக்கக் கூடாது. எந்தப் பொருளுக்கு எக்ஸ்க்ளூசிவ் வாங்கினாரோ அதை விற்பதைக் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்திவிட்டால் உரிமை போய்விடும் என்றும் எழுதுவார்கள். விற்காத பொருளுக்கு இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எந்த உரிமையாளரும் விடமாட்டார்.

அரசு குறுக்கே வரும்போது

சிறிய காபிக் கடை ஒரு வளாகத்துக்குள் வாங்கும் பாதுகாப்பை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பெரிய சூப்பர் மார்க்கெட் சங்கிலி ஊர் ஊராக அதையே வாங்கினால் கதை மாறுகிறது. வளாகத்துக்குக் கூட்டத்தைக் கொண்டுவருவது அந்தப் பெரிய கடைதான். அது கேட்பதை உரிமையாளரால் மறுக்க முடிவதில்லை. ஊரில் நல்ல வளாகம் ஒன்றுதான் என்றால், போட்டியாளர் அந்த ஊருக்குள்ளேயே நுழைய முடியாது. விலை கூடுவது மக்கள் தலையில் விடியும்.

ஆஸ்திரேலியாவின் போட்டி ஆணையம் 2008-ல் மளிகை விற்பனையை ஆராய்ந்தபோது இதைக் கண்டது. போட்டியைத் தடுக்கக்கூடிய ஷரத்துகள் 700-க்கும் மேற்பட்ட சூப்பர் மார்க்கெட் குத்தகைகளில் இருந்தன. 2009 செப்டம்பரில் கோல்ஸ், வூல்வொர்த்ஸ் இரண்டும் ஆணையத்திடம் எழுதிக் கொடுத்தன: புதிய குத்தகைகளில் இப்படிப்பட்ட ஷரத்தைச் சேர்க்க மாட்டோம், பழையவற்றை, கடை வியாபாரம் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அமல்படுத்த மாட்டோம்.

ஐரோப்பா வேறு வழியில் போனது. லாட்வியாவில் ‘மாக்சிமா’ என்ற சங்கிலி நிறுவனத்தின் 119 குத்தகைகளைப் போட்டி ஆணையம் ஆராய்ந்தது. அவற்றில் 12-ல், வளாகத்தில் வேறு யாருக்கு இடம் தரலாம் என்பதற்கு மாக்சிமாவின் சம்மதம் தேவை என்ற ஷரத்து இருந்தது. ஆணையம் அபராதம் போட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. 2015 நவம்பரில் அது சொன்னது: இப்படி ஒரு ஷரத்து இருப்பதாலேயே அது சட்டவிரோதம் ஆகிவிடாது. அந்த ஊரில் வேறு வளாகங்கள் உண்டா, புதியவர் நுழைய வேறு வழி உண்டா என்று சந்தையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

புதிதாக வருகிறவரின் வேலை

இதுவரை பார்த்தது பாதுகாப்பு வாங்கியவரின் கதை. வளாகத்துக்குப் புதிதாக வரும் கடைக்காரருக்கு இதே ஷரத்துகள் மறுபக்கத்திலிருந்து வரும். அவர் கையில் தரப்படும் குத்தகையின் கடைசியில் ஓர் இணைப்பு இருக்கும். அந்த வளாகத்தில் மற்றவர்கள் வாங்கி வைத்திருக்கும் எக்ஸ்க்ளூசிவ்கள் அத்தனையும் அதில் வரிசையாக இருக்கும்: மளிகைக்கு இவர், கண்ணாடிக்கு அவர், நாய்த் தீவனத்துக்கு இன்னொருவர். பக்கம் பக்கமாக ஓடும் அந்த இணைப்பைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு.

அனுபவமுள்ள வழக்கறிஞர் அங்கே மூன்று காரியம் செய்வார். தன் கட்சிக்காரர் இன்று விற்பதையும் அடுத்த சில ஆண்டுகளில் விற்க நினைப்பதையும் அந்தப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவார். பட்டியலில் இல்லாத தடை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று நிலப்பதிவு அலுவலகத்தில் தேடுவார். கடைசியாக, இந்தப் பட்டியல் முழுமையானது என்றும், இதில் இல்லாத எக்ஸ்க்ளூசிவைக் காட்டி யாராவது வழக்குப் போட்டால் செலவும் நஷ்டமும் உரிமையாளருடையது என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்வார். அந்த வரியைச் சேர்க்க உரிமையாளர் தயங்கினால், அவர் மறந்துபோன பழைய குத்தகை ஏதோ அலமாரியில் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய நேரம் அதுதான். கையெழுத்து போட்ட பிறகு கேட்டால் பதில் வழக்கறிஞர் நோட்டீஸாக வரும்.